கடைசிக் கம்பத்து வீட்டில் மாலையானால் 184 வோல்ட்: காரணம் என்ன, நாம் என்ன செய்ய முடியும்?

தென்னந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் தாராபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் தாழ்வழுத்த லைனில் எங்களுடையதுதான் கடைசிக் கம்பம். கம்பங்களை எண்ணிப் பார்த்தால் தூரம் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் வருகிறது. இந்த லைனில் எட்டு 5 எச்பி கிணற்று மோட்டார்களும் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளும் உள்ளன. விடியற்காலையில் மல்டிமீட்டர் 238 வோல்ட் காட்டுகிறது. பகலில் எல்லா மோட்டார்களும் ஓடும்போது அது 203 ஆகிறது. மாலை ஏழு மணிக்கு, மோட்டார்களோடு வீட்டு விளக்குகளும் சேர்ந்துகொள்ளும்போது, 184 வரை இறங்கிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாமன் வீட்டில் இதே நேரத்தில் 230-க்கு மேல் இருக்கிறது. இது ஏன் இப்படி ஆகிறது, நாங்கள் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வைண்டிங்கடை எழுதியது:

அண்ணா, நான் மோட்டார் சுற்றும் தொழிலில் இருப்பவன். கோடைக்காலத்தில் என் கடைக்கு வரும் கருகிய மோட்டார்களில் பெரும்பாலானவை உங்களைப் போன்ற கடைசிக் கம்பத்துக்காரர்களுடையவைதான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எட்டு மோட்டார்களுக்கும் கெப்பாசிட்டர் போட்டுவிட்டால் வோல்டேஜ் தானாக நிமிர்ந்துவிடும். அதற்கு முன்பே முடிய வேண்டுமானால், டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டாப்பை ஒரு படி ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது பத்து நிமிட வேலை. வீட்டுக்கு நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

கம்பிவழி எழுதியது:

மின் விநியோகப் பிரிவில் நீண்ட காலம் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். தென்னந்தோப்பு மூன்று நேரங்களில் மூன்று அளவுகளை எடுத்திருப்பது மிக நல்லது, ஏனென்றால் விடை அந்த மூன்று எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் பகுதிக் கிளை லைன்களில் பெரும்பாலும் இருப்பது 7/2.59 கம்பி, அதாவது வீசல் என்று நாங்கள் சொல்வது. கிலோமீட்டருக்கு அதன் மின்தடை 20 டிகிரியில் சுமார் 0.93 ஓம், வெயிலிலும் சுமையிலும் சூடேறும்போது 1 ஓமை எட்டிவிடும். இதோடு கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளியால் வரும் தூண்டல் மறுப்பும் கிலோமீட்டருக்கு 0.35 ஓம் அளவுக்குச் சேரும். மோட்டார் சுமைக்கு, அதாவது திறன்காரணி 0.8 அளவில், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஓர் ஆம்பியர் ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு வோல்ட் குறையும் என்று வருகிறது. மனத்தில் வைத்துக்கொள்ள இதைவிட எளிதான கணக்கு கிடைக்காது.

5 எச்பி மோட்டார் ஒன்று ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கும், எட்டும் ஓடினால் 60 ஆம்பியர். அவை லைன் நெடுக பரவியிருப்பதால் அத்தனை ஆம்பியரும் கடைசி வரை போவதில்லை, ஆகவே பாதித் தூரத்துக்குக் கணக்கிட்டால் போதும். 60 ஆம்பியர், 0.6 கிலோமீட்டர், ஆக 36 வோல்ட். டிரான்ஸ்பார்மரின் பெயர்த்தகட்டில் 11,000 வோல்ட்டுக்கு 433 வோல்ட் என்றிருக்கும், அது பேஸ் ஒன்றுக்கு 250. உயரழுத்த லைனே பகலில் 10,700-க்கு இறங்கியிருந்தால் அது 243 ஆகும். அந்தச் சுமையில் டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே ஏழு வோல்ட் போகும். மீதி 236-இல் 36 போனால் 200. உங்கள் மீட்டர் 203 காட்டுகிறது. ஆகவே பகல் நேரக் குறைவு ஏதோ பழுதினால் வந்ததல்ல, கம்பியின் நீளத்துக்கும் பருமனுக்கும் சுமைக்கும் உரிய இயல்பான குறைவு அது.

மாலைக் குறைவு வேறு வகையானது. மூன்று பேஸ் மோட்டார் மூன்று கம்பிகளிலும் சமமாக எடுப்பதால் நியூட்ரலில் அதன் மின்னோட்டம் திரும்புவதில்லை. வீட்டுச் சுமை அப்படியல்ல, அது ஒரு பேஸில் போய் நியூட்ரலில் திரும்புகிறது, ஆகவே போகும்போதும் வரும்போதும் வோல்ட்டைத் தின்கிறது. உங்கள் பேஸில் மட்டும் கடைக்கோடி வீடுகளின் சுமை 9 ஆம்பியர் கூடுதலாக இருந்து, அது சராசரியாக ஒரு கிலோமீட்டர் பயணம் செய்தால் 18 வோல்ட் போய்விடும். 203-க்கும் 184-க்கும் இடையில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டே வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் தண்ணீர் காய வைத்தாலும் இந்த அளவு வந்துவிடும்.

வைண்டிங்கடை சொன்னதற்கு வருகிறேன். 63, 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலும் டாப் இல்லாமலே செய்யப்படுகின்றன, ஏற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. இருந்தாலும் ஒரு படி என்பது 2.5 சதவீதம், ஆறு வோல்ட். அந்த ஆறு வோல்ட் மாமன் வீட்டுக்கும் சேர்த்தே ஏறும். மோட்டார்கள் நின்ற நள்ளிரவில் அங்கே 255-ஐத் தாண்டும். 240 வோல்ட்டுக்கு ஆறு சதவீதம் மேலும் கீழும் போகலாம் என்பது நம் மாநில விநியோக விதி, அதாவது 225.6 முதல் 254.4 வரை. தூரத்தில் இருப்பவருக்காக அருகில் இருப்பவரை அந்த எல்லைக்கு வெளியே தள்ளக் கூடாது.

மாடிச்சூரியன் எழுதியது:

எனக்கும் வோல்டேஜ் சிக்கல்தான். மாடியில் சூரியத் தகடுகள் போட்டிருக்கிறேன். நண்பகலில் 262 வோல்ட் வரை ஏறி இன்வர்ட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது. நானும் லைனின் கடைசியில்தான் இருக்கிறேன். கடைசியில் குறையும் என்று இங்கே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஏன் கூடுகிறது? என் மீட்டர்தான் பழுதா?

கம்பிவழி எழுதியது:

மீட்டர் பழுதாக இருக்க வேண்டியதில்லை. அதே கம்பியின் அதே ஓம்தான் காரணம், மின்னோட்டத்தின் திசை மட்டும் மாறியிருக்கிறது. நண்பகலில் நீங்கள் உள்ளே அனுப்பும் மின்னோட்டம் உங்களிடமிருந்து டிரான்ஸ்பார்மரை நோக்கிப் போக வேண்டுமானால் உங்கள் முனை அங்கே இருப்பதைவிட உயர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கான தீர்வு வேறு, தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன். இந்த இழை தென்னந்தோப்புக்கு உரியதாக இருக்கட்டும்.

வைண்டிங்கடை எழுதியது:

டாப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. ஆனால் கெப்பாசிட்டரை விட்டுக்கொடுக்க மாட்டேன். கெப்பாசிட்டர் போட்டதும் ஆம்பியர் குறைவதை என் கிளாம்ப் மீட்டரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆம்பியர் குறைந்தால் உங்கள் கணக்குப்படியே வோல்ட் ஏற வேண்டுமல்லவா?

கம்பிவழி எழுதியது:

ஏறும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு ஏறாது. 5 எச்பி மோட்டாருக்கு வழக்கமாகப் பொருத்துவது 2 கிலோவார் கெப்பாசிட்டர். அதைப் போட்டால் 7.5 ஆம்பியர் 6.2 அளவுக்கு இறங்கும், நீங்கள் மீட்டரில் பார்த்தது உண்மை. ஆனால் கெப்பாசிட்டர் நீக்குவது பயன்படாத பகுதி மின்னோட்டத்தை மட்டுமே. அந்தப் பகுதி வோல்ட்டைக் குறைப்பது கம்பியின் தூண்டல் மறுப்பு வழியாக. வீசல் போன்ற மெல்லிய கம்பியில் தூண்டல் மறுப்பு சிறியது, மின்தடைதான் பெரியது. தண்ணீரை மேலே தூக்கும் உண்மையான வேலைக்கு வேண்டிய மின்னோட்டம் அந்த மின்தடை வழியே அப்படியே போய்க்கொண்டிருக்கும். ஆகவே எட்டு மோட்டார்களுக்கும் போட்டாலும் 36 வோல்ட் குறைவு ஏறக்குறைய 32 ஆகும். நான்கைந்து வோல்ட் ஆதாயம், கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சூடேறுவதும் குறையும். போடுவது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். பருத்த கம்பி போட்ட 11 கேவி லைனில் கெப்பாசிட்டர் செய்யும் வேலை வேறு, அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவர முடியாது.

ஸ்டெபிலைசர் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே 170 வந்து வெளியே 230 கொடுக்க வேண்டுமானால் அது லைனிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக ஆம்பியரை இழுக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டும், தாமதித்து இணைக்கும் வசதியுள்ள சிறிய ஸ்டெபிலைசர் வைப்பதில் தவறில்லை. கடைக்கோடியில் பத்து வீட்டாரும் வீடு முழுவதற்கும் வைத்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரின் வோல்டேஜைத் தாழ்த்துவதில்தான் முடியும்.

தென்னந்தோப்பு, இனி நீங்கள் ஒரு சோதனை செய்ய வேண்டும். உங்கள் பேஸிலேயே, உங்கள் கம்பத்திலிருந்தே இணைப்பு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்றைப் போட்டு, இரு வீட்டிலும் எத்தனை வோல்ட் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய அளவு இறங்காமல் சற்று ஏறினால் அவர் வேறு பேஸில் இருக்கிறார் என்று பொருள், வேறொருவரைப் பாருங்கள். இரு வீட்டிலும் ஒன்றுபோல இறங்குவது பொது லைனில் போவது. உங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக இறங்குவது உங்கள் சர்வீஸ் வயரிலும் அதன் இணைப்புகளிலும் போவது. பிளக் பாயிண்டிலேயே அளந்துகொள்ளுங்கள். மீட்டர் முத்திரையையோ கம்பத்தையோ தொட வேண்டாம்.

செங்கரும்பு எழுதியது:

நான் பாபநாசம் பக்கம். கம்பிவழி ஐயா கணக்காகவே சொல்கிறார், ஆனால் எங்கள் ஊர் நடைமுறையையும் கேட்க வேண்டும். மூன்று பேஸ் இல்லாத நேரத்தில் இரண்டு பேஸில் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டித்தான் பயிரைக் காப்பாற்றி வந்திருக்கிறோம். அதைக் குற்றம் என்று பேசுகிறார்கள். நாற்று காயும்போது வேறு என்ன செய்வது?

கம்பிவழி எழுதியது:

உங்கள் நெருக்கடியை நான் மறுக்கவில்லை. அதனால் லைனுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அப்படி ஓடும் மோட்டார் மூன்று கம்பிகளில் சமமாக எடுக்க வேண்டியதை இரண்டில் எடுக்கிறது. சுற்றுகள் ஏற்றத்தாழ்வாகச் சூடேறுகின்றன. அந்த இரண்டு பேஸ்களிலும் உள்ள வீடுகளுக்கு வோல்டேஜ் இறங்குகிறது. வைண்டிங்கடையிடம் கேளுங்கள், ஒரு பேஸ் சுற்று மட்டும் கருகி வரும் மோட்டார்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். மூன்று பேஸும் போதிய நேரம் கிடைக்கும் பகுதிகளில் இதற்குத் தேவையே இல்லை. கிடைக்காத இடத்தில் விவசாயியை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வைண்டிங்கடை எழுதியது:

உண்மைதான் ஐயா, அப்படி நிறைய வருகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர்த்தகட்டில் 5 எச்பி என்றிருந்தாலும் உள்ளே 7.5 எச்பிக்குச் சுற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. மின் அலுவலகத்தின் பதிவேட்டில் உள்ள குதிரைத்திறனை வைத்துக் கணக்கிட்டால் லைனின் உண்மையான சுமை தெரியவே தெரியாது.

தென்னந்தோப்பு எழுதியது:

சோதனையைச் செய்துவிட்டேன் ஐயா. மோட்டார்கள் ஓடும் நேரம், ராடு போடுவதற்கு முன் 201, போட்டபின் 181. எதிர்த் தோட்டத்துப் பெரியப்பா வீட்டில் அதே நேரம் 13 வோல்ட் இறங்கியது. எங்கள் வீட்டில் 20. எங்கள் சர்வீஸ் வயர் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, நீளம் 35 மீட்டர் இருக்கும்.

கம்பிவழி எழுதியது:

மிக நன்று, இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. 181 வோல்ட்டில் அந்த ராடு ஐந்து ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். போக வர 2.4 கிலோமீட்டர் வீசல் கம்பிக்கு அது 12 அல்லது 13 வோல்ட் ஆகிறது. பெரியப்பா வீட்டில் கிடைத்ததும் அதுவே, ஆகவே பொது லைனில் நியூட்ரல் உட்பட பெரிய பழுது இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் கூடுதலாக ஏழு வோல்ட் போகிறது. 35 மீட்டர் செம்பு வயருக்கு இரண்டு வோல்ட் கூட ஆகாது. மீதி ஐந்து வோல்ட் ஏதோ ஓர் இணைப்பில் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. ஐந்து ஆம்பியரில் அது 25 வாட், ஒரே இடத்தில்.

என் ஊகம் கம்பத்து இணைப்புதான். அலுமினியக் கம்பியில் செம்பு வயரை வெறுமனே சுற்றி விட்டால், மழைக்காலம் கடந்ததும் இரு உலோகங்களும் சேரும் இடம் அரித்து வெண்பொடியாகிவிடும். இரு உலோகங்களுக்கும் உரிய கிளாம்ப் போட்டு இணைத்துத் தரும்படி லைன்மேனிடம் கேளுங்கள். வீட்டுக்குள் மெயின் சுவிட்சிலும் பியூஸ் பிடிப்பிலும் கருகல் இருக்கிறதா என்பதை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. ஒரு வீட்டில் வோல்டேஜ் 160-க்கு இறங்கும்போது அதே கம்பத்தின் இன்னொரு பேஸ் வீட்டில் 280, 290 என்று ஏறினால் அது நீண்ட லைனின் வேலை அல்ல, நியூட்ரல் அறுந்திருக்கிறது. மெயினை உடனே நிறுத்திவிட்டு மின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் எர்த் கம்பியை நியூட்ரலாக இணைத்து விளக்கெரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எர்த்தில் மின்னோட்டம் போகும்போது எர்த் இணைத்த பொருள்களின் உடலிலெல்லாம் வோல்டேஜ் ஏறும், உயிர் போகும். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

தென்னந்தோப்பு எழுதியது:

லைன்மேன் அண்ணன் வந்து பார்த்தார். நீங்கள் சொன்னபடியே கம்பத்தில் நியூட்ரல் சுற்று வெளுத்துப் போயிருந்தது. கிளாம்ப் போட்டபின் அதே ராடுக்கு 14 வோல்ட்தான் இறங்குகிறது. எங்கள் பேஸில் சுமை அதிகம் என்று மூன்று வீடுகளைப் பக்கத்து பேஸுக்கு மாற்றியும் கொடுத்தார். இப்போது மாலை ஏழு மணிக்கு 194, 195 இருக்கிறது. கம்ப்ரசர் புறப்படுகிறது. ஆனாலும் 225-க்கு இது வெகு தூரம். மற்றொரு தொல்லையும் இருக்கிறது. மின்தடை முடிந்து சப்ளை வந்தவுடன் எல்லா மோட்டார்களும் புறப்பட முயன்று ரிலே விழுந்துவிடுகிறது.

வைண்டிங்கடை எழுதியது:

இது என் துறை, அண்ணா. எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பார்கள், எல்லாவற்றிலும் தாமதம் ஒரே அளவில் இருக்கும். மோட்டார் புறப்படும்போது ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு எடுக்கும். எட்டும் ஒரே நொடியில் எழுந்தால் கடைசியில் இருக்கும் மோட்டாருக்குச் சுற்றத் தேவையான வோல்டேஜே கிடைக்காது. முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும், எண்பது சதவீத வோல்டேஜில் அறுபத்து நான்கு சதவீதம்தான் மிஞ்சும். சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும்போதுதான் மோட்டார் கருகுகிறது. டைமரைத் தோட்டத்துக்குத் தோட்டம் இருபது நொடி இடைவெளியில் மாற்றி வையுங்கள், லைனின் கடைசி மோட்டார் முதலில் புறப்படட்டும். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பது நம் ஊர் வழக்கம்தானே, எட்டில் நான்கு நான்காக முறை வைத்து ஓட்டினால் ஐயா சொன்ன 36 வோல்ட் பாதியாகும்.

செங்கரும்பு எழுதியது:

முறை வைத்து ஓட்டுவது பங்காளிகளுக்குள் சரி. எட்டுத் தோட்டத்தாரும் ஒத்துக்கொள்வார்களா? ஒருவர் மீறினாலும் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள். கடைசியில் இருப்பவர் மட்டும் ஏன் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டும்? சட்டப்படி சரியான வோல்டேஜ் தர வேண்டியது மின் விநியோகம் செய்பவர்களின் கடமை அல்லவா?

கம்பிவழி எழுதியது:

கடமை அவர்களுடையதுதான். முறை வைப்பது நிரந்தரத் தீர்வு கிடைக்கும் வரைக்கும் மோட்டாரைக் காப்பாற்றும் வழி, அவ்வளவே.

நிரந்தரத் தீர்வு 11 கேவியை உங்கள் பக்கம் கொண்டுவருவது. 415 வோல்ட்டில் 60 ஆம்பியராகப் போகும் அதே மின்திறன் 11,000 வோல்ட்டில் இரண்டே கால் ஆம்பியராகிவிடும், அந்தத் தூரத்தில் அதன் குறைவைப் பொருட்படுத்தவே வேண்டாம். லைனின் பின்பாதியில் 25 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்து நான்கு மோட்டார்களையும் அங்குள்ள வீடுகளையும் அதற்கு மாற்றினால், 30 ஆம்பியர் பாதித் தூரமே பயணிக்கும், குறைவு பத்து வோல்ட்டுக்குள் அடங்கும். அந்த நான்கு மோட்டார்களே 22 கேவிஏ அளவுக்கு எடுக்கும், ஆகவே வைண்டிங்கடை சொன்ன 7.5 எச்பிகள் உங்கள் லைனில் இருந்தால் 25 போதாது, 63 கேட்க வேண்டியிருக்கும். வீசலுக்குப் பதில் 7/3.35 கம்பி, அதாவது ராபிட், மாற்றினால் 36 என்பது 25 அளவுக்கு வரும். உதவியாக இருக்கும், ஆனால் அது மட்டும் உங்களை 225-க்கு மேல் ஏற்றாது.

மனுவில் லோ வோல்டேஜ் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் யாராவது வந்து பியூஸைப் பார்த்துவிட்டுப் போவார்கள். டிரான்ஸ்பார்மரின் பெயர் அல்லது எண், உங்கள் கம்பத்தின் எண், ஒரு வாரத்துக்குக் காலை, பகல், மாலை அளவுகள், அதே நேரங்களில் டிரான்ஸ்பார்மர் அருகே உள்ள வீட்டின் அளவுகள், லைனில் உள்ள மோட்டார்களின் சர்வீஸ் எண்கள் ஆகியவற்றை எழுதி, எட்டுத் தோட்டத்தாரும் கையெழுத்திட்டு, உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உச்சச் சுமை நேரத்தில் டிரான்ஸ்பார்மரில் மூன்று பேஸ்களுக்கும் நியூட்ரலுக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து அளக்க வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் மின் பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதன் பிறகு சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். அங்கே உங்களுக்காகப் பேசுவது அந்த அட்டவணைதான்.

செங்கரும்பு எழுதியது:

செலவு யாருடையது? எங்கள் பக்கம் ஓர் ஊரில் பணம் கட்டினால் சீக்கிரம் வேலை நடக்கும் என்று சொல்லி ஊராரே பிரித்துக் கட்டினார்கள்.

கம்பிவழி எழுதியது:

என் புரிதல் இதுதான்: கம்பத்தை உங்கள் வசதிக்காக நகர்த்தச் சொன்னால் செலவு உங்களுடையது. விதிக்குள் வராத வோல்டேஜைச் சரிசெய்வது நுகர்வோர் பணம் கட்ட வேண்டிய வேலை அல்ல. காத்திருக்க முடியாமல் கட்டியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த ஊரிலும் அதையே எதிர்பார்க்க வைத்துவிடுகிறது அது.

செங்கரும்பு எழுதியது:

நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம் ஐயா, பயிர் அதுவரை நிற்காது. நான் இன்னும் பணம் கட்டுவதே மேல் என்றுதான் நினைக்கிறேன்.

தென்னந்தோப்பு எழுதியது:

மனு எழுதிவிட்டோம், ஆறு தோட்டத்தார் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மற்ற இருவரும் தங்கள் மோட்டாரின் உண்மையான குதிரைத்திறன் வெளிவந்துவிடும் என்று தயங்குகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஆறு பேராகவே கொடுக்கலாமா, ஐயா?

கம்பிவழி எழுதியது:

கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் அளக்கும்போது மொத்த ஆம்பியர் எப்படியும் தெரிந்துவிடும். கூடுதல் குதிரைத்திறனைத் தாங்களாகவே பதிவு செய்துகொள்வது நல்லது என்று அந்த இருவரிடமும் சொல்லுங்கள். பதிவில் இல்லாத சுமையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் புதிதாக வரும் டிரான்ஸ்பார்மரும் அளவில் சிறியதாகவே வரும்.